‘கஷ்டப்பட்டுப் படித்தேன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன? ஒரு உதவித்தொகைக் கடிதத்தோடு பட்ட பாடு

பாலக்கோட்டில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டுக் கொஞ்ச நாள் ட்யூஷன் எடுத்தவன் என்பதால், பட்டா மனுவும் பயோடேட்டாவும் போக, தமிழில் எழுதிக்கொண்டு வரும் கடிதங்களை ஆங்கிலமாக்கித் தருகிற வேலையும் என் தலையில் விழும். மே, ஜூன் மாதங்களில் பாதி நாள் உதவித்தொகைக் கடிதங்கள்தான். இதில் ஒரு பெரிய தப்பு செய்து, அதற்கப்புறம்தான் வேலையைக் கற்றுக்கொண்டேன், அதனால் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

காவேரிப்பட்டணம் பக்கத்துப் பையன் ஒருவன் ஒரு அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தான். கடிதத்தில் “சிறு வயது முதல் கஷ்டப்பட்டுப் படித்து” என்று இருந்தது. நான் யோசிக்காமல் ‘ஐ ஸ்டடீட் வித் கிரேட் டிஃபிகல்ட்டி’ என்று அடித்துக் கொடுத்துவிட்டேன். நேர்காணலில் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, “எந்தப் பாடம் உனக்குக் கஷ்டமாக இருந்தது?” என்பது. அவன் “எதுவும் இல்லை சார்” என்றிருக்கிறான். அவர்கள் கடிதத்தை ஒரு தடவை, அவனை ஒரு தடவை பார்த்தார்களாம். உதவித்தொகை கிடைக்காததற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் படிப்பில் மக்கு என்று அவனே ஒப்புக்கொண்ட மாதிரி ஒரு வரியை அவன் கையெழுத்துக்கு மேலே வைத்தது நான்தான்.

தமிழில் ‘கஷ்டப்பட்டுப் படித்தேன்’ என்றால் வீட்டு நிலைமை கஷ்டம், அதையும் மீறிப் படித்தேன் என்று எல்லோருக்கும் புரியும். ஆங்கிலத்தில் அந்தக் கஷ்டம் போய்ப் படிப்பின் மேல் ஒட்டிக்கொள்கிறது. பின்னால் அவனிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, காலை நாலு மணிக்கு அம்மாவோடு பூப் பறித்து, மண்டியில் போட்டுவிட்டு, எட்டரை பஸ்ஸைப் பிடித்துக் கல்லூரிக்குப் போயிருக்கிறான், மூன்று வருஷமும். அதை அப்படியே எழுதியிருந்தால் ‘டிஃபிகல்ட்டி’ என்ற சொல்லே தேவைப்பட்டிருக்காது. இதை நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

அதற்கு அப்புறம் வந்தவள்தான் இந்தப் பெண். பென்னாகரம் வட்டம், பி.எஸ்சி. வேதியியல் முடித்தவள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நீர் தொடர்பான முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, அங்கேயே உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஒரு பக்கக் கவர் லெட்டர் கேட்டிருந்தார்கள். “அண்ணா, இங்கிலீஷ்ல மாத்தி மட்டும் குடுங்க, நானே எழுதிட்டேன்” என்று ஒரு கோடு போட்ட தாளை நீட்டினாள். முதல் வாக்கியம் இது:

“மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, தருமபுரி மாவட்டத்தில் ஒரு குக்கிராமத்தில், கூலி வேலை செய்யும் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பல கஷ்டங்களுக்கிடையே படித்து, எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வேதியியலில் பட்டம் பெற்று, மேற்கொண்டு படிக்க வசதி இல்லாத நிலையில், தங்கள் மேலான உதவியை நாடி இக்கடிதத்தைத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கிறேன்.”

தமிழில் இது நல்ல வாக்கியம். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்த விண்ணப்ப நடை, மரியாதை தெரிந்த பிள்ளை என்று தோன்றும். பிறந்து, படித்து, பெற்று என்று வினையெச்சமாகக் கோத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு வினைமுற்றில் கட்டிப்போடுவது நம் மொழிக்குச் சுலபம். ஆங்கிலத்தில் இதை ஒரே வாக்கியமாக இழுத்தால் நடுவழியில் யார் என்ன செய்தார்கள் என்பதே குழம்பிவிடும். அதனால் முதல் வேலையாகப் பென்சிலை எடுத்து ஒவ்வொரு எச்சத்துக்குப் பக்கத்திலும் ‘யார்?’ என்று எழுதினேன். கூலி வேலை செய்வது யார், அப்பாவா அம்மாவா இரண்டு பேருமா? குடும்பம் என்றால் எத்தனை பேர்? தமிழ் இதையெல்லாம் சொல்லாமலே நகர்ந்துவிடும், ஆங்கிலம் விடாது.

அப்புறம் ‘கூலி’. நம் ஊரில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் பணம், அதில் ஒரு அவமானமும் கிடையாது. சான்றிதழ்களிலேயே தொழில் என்ற இடத்தில் கூலி என்று இருக்கும். ஆனால் அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் அப்படியே போட்டால் வேறு ஆள். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் கொண்டுபோன நம்மவர்களைக் குறிக்க அது பயன்பட்டது, தென்னாப்பிரிக்கா போன்ற இடங்களில் அது இன்றைக்கும் வசவு. தேர்வுக் குழுவில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. ‘டெய்லி வேஜ்’ என்று தொடங்கும் தொடர்தான் சரி, அதோடு என்ன வேலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேட்டேன். அப்பா பெங்களூரில் கட்டட வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவார், அம்மா தக்காளித் தோட்டத்தில் நாள் சம்பளத்துக்குப் போகிறார். இதைக் கேட்டுக்கொண்ட பிறகு ‘ஏழைக் குடும்பம்’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். ‘புவர் ஃபேமிலி’ என்பது படிக்கிறவரைப் பார்த்து இரக்கப்படு என்று சொல்கிற மாதிரி இருக்கும், வேலையையும் வருமானத்தையும் சொன்னால் அவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

வருமானம் என்றதும் ஒரு சின்ன விஷயம். நாம் 1,20,000 என்று கமா போடுவோம், வெளிநாட்டில் 120,000. ‘லேக்’ என்ற சொல் அங்கே பலருக்குத் தெரியாது, ஏரி என்று நினைத்தாலும் நினைப்பார்கள், அதுவும் நீர் பற்றிய படிப்புக்கான விண்ணப்பத்தில். வட்டாட்சியர், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்பதெல்லாமும் இப்படித்தான். ‘ஃபர்ஸ்ட் கிராஜுவேட்’ என்பது நம் தமிழ்நாட்டு அரசாணை ஆங்கிலம், இ-சேவை மையத்தில் எல்லோருக்கும் புரியும். வெளியே போனால், வகுப்பிலேயே முதலில் பட்டம் வாங்கியவளா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்று எளிமையாகப் பிரித்துச் சொல்வதுதான் தப்பிக்கும் வழி. அவள் எழுதியிருந்த ‘எங்கள் அப்பா’வும் ‘அவர் ஃபாதர்’ ஆகக் கூடாது, அப்படிப் போட்டால் கூடவே அண்ணன் தம்பிகளும் சேர்ந்து விண்ணப்பிக்கிற மாதிரியோ, சர்ச்சில் ஜெபம் ஆரம்பிக்கிற மாதிரியோ இருக்கும். தமிழில் ‘எங்க அப்பா’ என்பது பணிவு, ஆங்கிலத்தில் அது ‘மை’ தான்.

எனக்கு அதிகம் கை நடுங்கிய இடம் ‘தாழ்மையுடன்’. ‘ஹம்ப்ளி’ போட்டு ‘பெக்’ போடுவது நம் ஊர் அலுவலக ஆங்கிலத்தின் ரத்தத்திலேயே ஊறியது, ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ அதற்குத் தங்கச்சி. நூறு வருஷத்துக்கு முன்னால் அது அங்கேயும் மரியாதையாக இருந்திருக்கலாம், இப்போது பிச்சை கேட்கிற தொனி. ஆனால் அதற்குப் பயந்து பணிவையே துடைத்துவிட்டால் கடிதம் மிஷின் பேசுகிற மாதிரி ஆகிவிடும், அந்தப் பெண் அப்படிப்பட்டவளும் இல்லை. ‘தாழ்மையுடன்’ என்பது தமிழில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தேன். முடிவு உங்கள் கையில் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன் என்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அந்த வேலையை ‘வுட் பி கிரேட்ஃபுல்’, ‘கன்சிடர்’ என்ற இரண்டு சொற்கள் செய்துவிடும், அதுவும் கடிதத்தில் ஒரே ஒரு தடவை, கடைசிப் பத்தியில். அவள் தாளில் ‘தாழ்மையுடன்’ நாலு இடத்தில் இருந்தது. தமிழில் நாலு தடவை வணங்கினால் தப்பில்லை.

‘ஐயா’வும் போனது. குழுவுக்கு எழுதுகிறோம், அதில் பெண்களும் இருப்பார்கள். உதவித்தொகைக் குழு உறுப்பினர்களுக்கு என்று விளித்து, முடிவில் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. (‘டியர் சார் ஆர் மேடம்’ என்று பெயர் தெரியாமல் ஆரம்பித்தால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்பது பிரிட்டிஷ் வழக்கம். ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’யை மட்டும் ஹெட்மாஸ்டருக்கு எழுதும் லீவ் லெட்டரோடு விட்டுவிடுங்கள்.)

ஆக அந்த ஒரு தமிழ் வாக்கியம் ஆங்கிலத்தில் நாலு வாக்கியமானது. அதைத் திரும்பத் தமிழில் சொன்னால் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: “இந்த எண்ணுள்ள உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இதை எழுதுகிறேன். இந்த ஆண்டு வேதியியலில் பட்டம் பெற்றேன், என் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். என் அப்பா ஊரைவிட்டு பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார், அம்மா தென்னிந்தியாவில் தருமபுரி மாவட்டத்தில் உள்ள எங்கள் கிராமத்தில் தக்காளி பறிக்கும் வேலைக்குப் போகிறார். இருவரின் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு 120,000 ரூபாய்.” இரக்கம் கேட்கிற பெயரடை ஒன்றுகூட இல்லை, பாருங்கள்.

இதுவரைக்கும் என் வேலை எனக்கே பிடித்திருந்தது. அடுத்த பத்தியில்தான் கவிழ்ந்தேன்.

நீர் பற்றி ஏன் படிக்க ஆசைப்படுகிறாள் என்பதற்கு அவள் எழுதியிருந்த வரி: “எங்கள் ஊரில் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார்கள். போர் தண்ணீர்தான் காரணம் என்று கல்லூரியில் படித்த பிறகுதான் தெரிந்தது.” நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பாறையிலிருந்தே கரைந்து வருவது. குழந்தைப் பருவத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை விழும், தேய்த்தால் போகாது. இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் தொடங்கி வைத்தார்கள்.

எனக்கு அந்த வரி கொஞ்சம் சென்டிமென்டாகப் பட்டது. கவர் லெட்டரில் வாயை மூடுவது, சிரிப்பது எல்லாம் எதற்கு என்று, ‘தருமபுரி மாவட்டத்தில் ஃபுளோரோசிஸ் ஒரு முக்கியமான பொதுச் சுகாதாரப் பிரச்சினை’ என்று மாற்றி எழுதினேன். ரொம்ப புரொஃபஷனலாக இருப்பதாக எனக்கே ஒரு பெருமை. அவளுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அண்ணா, இது பேப்பர்ல வர்ற மாதிரி இருக்கு. நான் எங்க இருக்கேன் இதுல?” என்றாள்.

சரியான கேள்வி. அந்த வாக்கியத்தை சென்னையில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் எழுதலாம். முதல் பத்தியில் ‘ஏழை’யை எடுத்துவிட்டு வேலையைச் சொன்ன அதே ஆள், இங்கே கண்ணால் பார்த்ததை எடுத்துவிட்டுத் தலைப்புச் செய்தியை வைத்திருக்கிறேன். வரியைத் திரும்ப வைத்தேன், கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல். அந்த ஒரு இடத்தில் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பே போதுமாக இருந்தது, ஏனென்றால் கை, வாய், சிரிப்பு, தண்ணீர் எல்லாம் எல்லா மொழியிலும் ஒன்றுதான். அவள் எழுதியதில் எது வழக்கமான மரியாதைச் சொல், எது அவளே பார்த்த விஷயம் என்று பிரிப்பதுதான் இந்த வேலையில் பாதி. முன்னதை ஆங்கில வழக்கத்துக்கு மாற்றலாம், குறைக்கலாம். பின்னதில் கை வைக்கக் கூடாது.

ஆனால் அந்த வரி மட்டும் தனியாக நின்றால் புலம்பலாகிவிடும், பக்கத்தில் ஏதாவது செய்து காட்டியது வேண்டும். தமிழில் “இது தொடர்பாக ஆய்வும் மேற்கொண்டுள்ளேன்” என்று ஒரே வரியில் தாண்டியிருந்தாள். என்ன ஆய்வு என்று கேட்டேன். கடைசி வருஷ புராஜெக்டாகத் தன் ஊரைச் சுற்றி 14 போர்களில் தண்ணீர் எடுத்துக் கல்லூரி லேபில் பார்த்திருக்கிறாள், 9 போர்களில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு. அந்த 1.5 என்பது உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் அளவு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ‘ஆய்வும் மேற்கொண்டுள்ளேன்’ என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது! தன்னைப் பற்றிப் பெரிதாகப் பேசக் கூடாது என்று வளர்த்துவிட்டோம், வேறென்ன.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். அவள் வாயால் சொன்னதை நானே நேராக ஆங்கிலத்தில் சேர்க்கவில்லை. “போய் இதைத் தமிழில் எழுதிக்கொண்டு வா” என்று அனுப்பினேன். மூலத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பில் நான் சேர்த்தால் அது என் கடிதமாகிவிடும், எண்ணில் ஒரு தப்பு வந்தால் பதில் சொல்ல வேண்டியது அவள். மறுநாள் வந்த தாளில் 14 போர், 9 போர் என்பதோடு, எங்கள் வீட்டு போரும் அந்த ஒன்பதில் ஒன்று என்று புதிதாக ஒரு வரி இருந்தது. நான் கேட்டு வாங்க முடியாத வரி அது.

மறுநாள் வேறு ஒரு தொல்லை. கடிதம் 350 சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவள் தமிழில் 330 சொல் எண்ணி, இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் 500-ஐத் தொட்டது. தமிழில் ‘படித்துக்கொண்டிருந்தபோது’ ஒரே சொல், ஆங்கிலத்தில் மூன்று நாலு சொல். என் அனுபவத்தில் ஒன்றரை மடங்கு ஆகும், அதனால் 350 என்றால் தமிழில் 230 பக்கம் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன். எதை வெட்டுவது என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டை இல்லை. “இந்த உதவி கிடைக்கவில்லை என்றால் என் படிப்பே நின்றுவிடும்” என்ற வரி போனது, ஏனென்றால் உண்மையாகவே இருந்தாலும் ஆங்கிலத்தில் அது மிரட்டல் போல விழும். அதற்குப் பதில், கல்விக் கட்டணத்துக்கு இது, தங்கும் செலவுக்கு வங்கிக் கடனுக்கு முயற்சி செய்கிறேன் என்று ஒரு வாக்கியம். “வாழ்நாள் முழுவதும் கடமைப்பட்டிருப்பேன்” போனது. “நாட்டுக்குச் சேவை செய்வேன்” என்பதைத் திரும்பி வந்து எந்த வேலையைச் செய்ய நினைக்கிறாள் என்று மாற்றச் சொன்னேன், போர் தண்ணீரை வீட்டு அளவில் வடிகட்டும் முறைகள் என்று எழுதினாள்.

எல்லாம் முடிந்த பிறகு இரண்டு சோதனை செய்வேன். ஒன்று, ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே நான் தமிழில் திருப்பிச் சொல்வேன், அவர்கள் தங்கள் தாளைப் பார்க்கக் கூடாது, “இது நீ சொன்னதா?” என்று மட்டும் கேட்பேன். இரண்டாவது, ஆங்கிலத்தை அவர்களையே சத்தம் போட்டுப் படிக்கச் சொல்வேன். எங்கே நாக்கு தடுக்குகிறதோ அது என் சொல். அவள் ‘மிட்டிகேஷன்’ என்ற இடத்தில் மூன்று தடவை தடுக்கினாள். கேட்டால், “அர்த்தம் தெரியும்ண்ணா, ஆனா நான் இப்படிப் பேச மாட்டேன்” என்றாள். எடுத்துவிட்டு ‘ரெட்யூஸ்’ போட்டேன். கடிதத்தில் இருக்கும் ஆங்கிலமும் நேர்காணலில் பேசுகிற ஆங்கிலமும் ஒரே ஆளுடையது போல இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு யாரோ எழுதியது என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

பெயரில் கடைசி நிமிஷத்தில் ஒரு இழுபறி. அவளுக்கு இனிஷியல் ஒற்றை எழுத்து, விண்ணப்பப் படிவமோ குடும்பப் பெயர் கேட்டது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து இருந்ததால் படிவத்திலும் கடிதத்திலும் அதே எழுத்துக்கூட்டலைப் போட்டோம். மதிப்பெண் சான்றிதழில் ஒற்றை எழுத்தாகவே இருந்ததால், கடிதத்தின் அடியில் அந்த எழுத்து அப்பா பெயரைக் குறிக்கிறது என்று ஒரு வரி.

ஆறு வாரம் கழித்து வீடியோவில் நேர்காணல் நடந்தது. மூன்று பேர் கேள்வி கேட்டார்களாம். போர் எண்ணிக்கை, எப்படி மாதிரி எடுத்தாய் என்பதெல்லாம் போன பிறகு ஒரு அம்மா, “கடிதத்தில் ஊரில் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், நீங்களும் அப்படித்தானா?” என்று கேட்டிருக்கிறார். “ஆமாம், கல்லூரி இரண்டாம் வருஷம் வரைக்கும்” என்று சொன்னாளாம். கடையில் வந்து இதைச் சொன்னபோதுதான் எனக்கும் தெரியும், அவள் தாளில் அது இல்லை, நானும் கேட்கவில்லை.

கல்விக் கட்டணம் முழுவதும் கிடைத்தது, தங்கும் செலவுக்குக் கிடைக்கவில்லை. இப்போது வங்கிக்கு ஒரு கடிதம் வேண்டும் என்று வந்திருக்கிறாள், அதைத் தமிழிலேயே கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதில் ‘தாழ்மையுடன்’ எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.